நன்றிக் கடிதத்தில் கூரைச் செலவை எப்படிச் சொல்வது?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் சின்னதாக ஒரு அறக்கட்டளை நடத்துகிறோம். மாலை வகுப்புதான் முக்கிய வேலை, 28 பிள்ளைகள் படிக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் 2024 ஜூனில் அவருடைய அம்மா நினைவாக 60,000 ரூபாய் அனுப்பினார். ரசீது கொடுத்துவிட்டோம். மார்ச் முடிந்துவிட்டது, நன்றியும் சொல்லி, பணம் எப்படிச் செலவானது என்றும் எழுத வேண்டும். ஃபெஞ்சல் புயலில் வகுப்புக் கூரை போனதால் 7,700 ரூபாயை அதற்கு எடுத்துவிட்டோம். 8,000 ரூபாய் செலவாகாமல் இருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் தப்பாக நினைப்பாரா? எப்படி எழுதுவது?

பதில்:

இரண்டையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் கூரை விஷயம் அவருக்குக் கடிதத்தைப் படித்துத்தான் முதல்முதலாகத் தெரியவேண்டும் என்ற நிலையில் விடாதீர்கள். முதலில் போன் போட்டுச் சொல்லுங்கள், அப்புறம் கடிதம் போகட்டும். கணக்கில் புதிதாக ஒன்றைக் காகிதத்தில் பார்க்கும்போது மனிதருக்கு வரும் சந்தேகம், அதே விஷயத்தை ஐந்து நிமிடம் பேசிக் கேட்கும்போது வருவதில்லை.

போன் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பும்போது அவர் என்ன சொன்னார்? பேசியது நினைவிருக்கலாம், ஆனால் எழுத்தில் இருப்பதைத் தேடி எடுங்கள்: வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், வங்கிப் பரிமாற்றத்தில் போட்ட குறிப்பு, நீங்கள் கொடுத்த ரசீதில் 'நோக்கம்' என்ற இடத்தில் எழுதியது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் உங்கள் கடிதத்தின் தொனியே அமையும்.

"மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், கூரையும் அந்த வகுப்பின் கூரைதான். நோக்கத்துக்குள்ளேயே செலவு செய்திருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், நடந்ததைத் தெரிவித்தால் போதும். "அம்மா பெயரில் பிள்ளைகளுக்குத் தினமும் சுண்டல் போடுங்கள்" என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. அந்தப் பணத்தைக் கூரைக்குத் தொடுவதற்கு முன்பே அவரைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்பதென்றால், "வேண்டாம்" என்று சொல்லவும் அவருக்கு உண்மையிலேயே இடம் இருக்க வேண்டும். அதாவது அவர் ஒப்பவில்லை என்றால் அந்த 7,700-ஐ உங்கள் பொது நிதியிலிருந்து எடுத்து அவர் கணக்கில் திரும்ப வைக்க உங்களால் முடியுமா என்று முதலில் அறங்காவலர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். முடியும் என்றால் மட்டுமே போனில் "நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம்" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடுங்கள்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு, சின்ன அறக்கட்டளைகள் அதிகம் கவனிக்காதது. "இதை மூலதனமாக வைத்துக்கொள்ளுங்கள், வட்டியை மட்டும் செலவு செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது கார்ப்பஸ் நன்கொடை. அதில் அசலைச் சுண்டலுக்கும் எடுக்கக் கூடாது, கூரைக்கும் எடுக்கக் கூடாது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் அந்தச் செய்தியை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நன்கொடையாளருக்குப் போகும் செலவு விவரம் உங்கள் கேஷ் புக்கிலிருந்து வரவேண்டும், நினைவிலிருந்து வரக்கூடாது. சொல்வதற்கு எளிது. பிரச்சினை எங்கே என்றால், பெரும்பாலான சின்ன அறக்கட்டளைகளில் எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுகிறது. அந்த வருடம் இன்னும் நான்கு பேர் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கொடுத்திருப்பார்கள். பருப்பு வாங்கியது யார் பணத்தில்? எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். இல்லையென்றால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்: ஒரே மளிகை பில் இரண்டு நன்கொடையாளர்களின் கடிதத்திலும் ஏறிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அவரவருக்குக் கடிதம் எழுதும்போது கைக்குக் கிடைத்த பெரிய பில்லை எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்து ஒரு கல்யாணத்தில் சந்தித்துப் பேசிக்கொண்டால் உங்கள் பெயர் போய்விடும்.

இதற்கு மருந்து, கேஷ் புக்கில் கூடுதலாக ஒரு பத்தி. ஒவ்வொரு செலவுக்கும் எதிரே யாருடைய நன்கொடையிலிருந்து என்று ஒரு குறியீடு போடுங்கள். வவுச்சரிலும் அதே குறியீடு. இந்த வருடம் அப்படிப் போடவில்லை என்றால் இப்போதே உட்கார்ந்து போடலாம். ஆனால் எல்லா நன்கொடைகளுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் போடுங்கள். அப்போதுதான் எந்தச் செலவும் இரண்டு முறை வராது. பிரிக்கவே முடியாத செலவு ஏதாவது இருந்தால், "உங்கள் பணத்தில்தான் வாங்கினோம்" என்று எழுதாமல், "உங்கள் நன்கொடையும் இன்னும் சிலர் கொடுத்ததும் சேர்ந்து" என்று எழுதுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உங்கள் புத்தகம் என்னிடம் இல்லை, அதனால் மீதி 44,300-ஐ நானே ஒரு மாதிரிக்காகப் பிரித்துக்கொள்கிறேன். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு மாதம் 2,500, ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், ஆக 22,500. சுண்டலுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, பட்டாணி என்று மாறி மாறி. கடலை 90 ரூபாய், எண்ணெய், கடுகு, மிளகாய், தேங்காய், கேஸ் எல்லாம் சேர்ந்து 30 ரூபாய், மொத்தம் 120. ஒரு கிலோ ஊறி வெந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும், இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வரும். 160 வகுப்பு நாட்களுக்கு 19,200. நோட்டு, பென்சில், ஒரு கரும்பலகைக்குப் பெயின்ட் எல்லாம் 2,600. மூன்றையும் கூட்டினால் 44,300 சரியாக வருகிறது. கூரை 7,700, கையிருப்பு 8,000. மொத்தம் 60,000.

இந்தக் கூட்டலை எடுத்த எடுப்பிலேயே போட்டுப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்து உழைத்து அனுப்பியவர் கடிதத்தைத் திறந்ததும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பார். நூறு ரூபாய் இடித்தாலும் அதற்குப் பிறகு வரும் நன்றி வாசகம் எதுவும் அவர் கண்ணில் படாது. எண்களை முழு ரூபாயாகவே போடுங்கள். "சுமார் இருபதாயிரம்" என்று எழுதினால் வவுச்சர் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

வவுச்சர் என்றதும் கூரை வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் காகிதம் குறையும். சிமெண்ட் ஷீட் கடையில் பில் கொடுப்பார்கள். ஷீட்டைக் கொண்டுவந்த வண்டிக்காரரும், ஏறி மாட்டியவரும் பில் கொடுக்க மாட்டார்கள். நீங்களே வவுச்சர் எழுதி, என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு என்று போட்டு, அவர்கள் பெயரும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவற்றைக் கடிதத்தோடு அனுப்பத் தேவையில்லை. "எல்லா ரசீதுகளும் எங்களிடம் உள்ளன, கேட்டால் போட்டோ எடுத்து அனுப்புகிறோம்" என்று ஒரு வரி போதும். ஆனால் அவர் கேட்டால் அன்றைக்கே அனுப்பும்படி ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது, பணத்தால் என்ன நடந்தது என்ற பகுதி. இங்கேதான் நல்ல மனிதர்கள்கூட அளந்து விடுகிறார்கள். "28 குழந்தைகளின் எதிர்காலத்தில் ஒளியேற்றினீர்கள்" என்பது ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் அச்சடித்து வைக்கிற வாசகம். அவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. உங்களிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது, அதைத் திறங்கள். பெயர் பதிவில் 28 என்றால் தினமும் 28 பேர் வந்திருக்க மாட்டார்கள். ஜூலையில் சராசரி எத்தனை, பிப்ரவரியில் எத்தனை என்று எடுங்கள். ஜூலையில் 17, பிப்ரவரியில் 24 என்று வந்தால் அதை அப்படியே எழுதுங்கள். டிசம்பரில் 11 என்று இருந்தால் அதையும் எழுதுங்கள், புயலும் அரையாண்டு விடுமுறையும் காரணம் என்று அவருக்கே புரியும். சுண்டலால்தான் வருகை கூடியது என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். தேர்வு நெருங்கினால் தானாகவும் கூடும்.

எண்ணோடு கண்ணால் பார்த்த ஒன்றையும் வையுங்கள், ஒன்றே ஒன்று. ஆசிரியையைக் கேட்டால் சொல்வார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று போட்டுக்கொண்டிருந்தான், ஜனவரியில் கடன் வாங்கிக் கழித்து 25 என்று எழுதிக் காட்டினான் என்று வையுங்கள். துபாயில் அறையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, தன் பணத்தில் சம்பளம் வாங்கிய டீச்சர் என்ன செய்தார் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பையன் பெயர் வேண்டாம்.

இப்போது கடிதம். ஊர்க்காரர், வயதில் மூத்தவர் என்று எடுத்துக்கொண்டு 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அவரை நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். நேரில் அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டுக் கடிதத்தில் 'மதிப்பிற்குரிய கொடையாளர் பெருந்தகை அவர்களுக்கு' என்று தொடங்கினால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

> அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,
>
> வணக்கம். அம்மா நினைவாக நீங்கள் 2024 ஜூனில் அனுப்பிய 60,000 ரூபாயில் மாலை வகுப்பு இந்த வருடம் மார்ச் வரை நடந்தது. உங்களுக்கும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் எங்கள் நன்றி. பணம் எதற்கெல்லாம் ஆனது என்று கீழே எழுதியிருக்கிறோம்.
>
> ஆசிரியை சம்பளம், ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதம்: ரூ. 22,500
> சுண்டல், 160 நாட்கள்: ரூ. 19,200
> நோட்டு, பென்சில், கரும்பலகைக்குப் பெயின்ட்: ரூ. 2,600
> புயலில் உடைந்த கூரை ஷீட் மாற்றியது: ரூ. 7,700
> வங்கியில் இருப்பு: ரூ. 8,000
>
> கூரை பற்றிப் போனில் சொன்னோம். நவம்பர் 30 ராத்திரி அடித்த காற்றில் வகுப்பறையின் ஆறு ஷீட்டுகள் உடைந்தன. பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்க முடியவில்லை. கையில் வேறு பணம் இல்லாததால் உங்கள் நன்கொடையிலிருந்து எடுத்து மாற்றினோம். இரண்டு வாரம் வகுப்பு நடக்கவில்லை. நீங்கள் இதற்கு ஒப்புக்கொண்டதற்கு நன்றி.
>
> நோட்டுக்கு 6,000 ரூபாய் ஆகும் என்று முதலில் சொல்லியிருந்தோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலேயே நோட்டு கொடுத்துவிட்டதால் அவ்வளவு வாங்க வேண்டியிருக்கவில்லை. மீதியுள்ள 8,000 ரூபாயில் ஜூன், ஜூலை இரண்டு மாத ஆசிரியை சம்பளம் 5,000 ரூபாயும், பள்ளி திறந்த பிறகு 25 நாள் சுண்டலுக்கு 3,000 ரூபாயும் கொடுக்க நினைத்திருக்கிறோம். வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் மே மாதத்துக்குள் சொல்லுங்கள்.
>
> ஜூலையில் தினமும் சராசரியாக 17 பிள்ளைகள் வந்தார்கள், பிப்ரவரியில் 24 பேர். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று 52-லிருந்து 27 போனால் 35 என்று போட்டுக்கொண்டிருந்தான். ஜனவரியில் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டான். இன்னும் நான்கைந்து பேருக்கு அது வரவில்லை, ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கிறார்.
>
> எல்லா ரசீதுகளும் எங்களிடம் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் அனுப்புகிறோம். ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் வகுப்புக்கும் வாருங்கள்.
>
> அன்புடன்,
> (அறங்காவலர் கையெழுத்து, பெயர்)

இதில் சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்கிறேன். கூரைச் செலவைப் பட்டியலின் நடுவில் மற்ற செலவுகளைப் போலவே ஒரு வரியாக வைத்து, விளக்கத்தைப் பட்டியல் முடிந்ததும் முதல் பத்தியாகக் கொடுத்திருக்கிறேன். 'பராமரிப்பு மற்றும் இதர செலவுகள்' என்ற பெயரில் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. படிப்பவருக்கு 'இதர' என்ற வார்த்தையிலேயே கண் போய் நிற்கும். அதே சமயம் புயலை வர்ணிக்கவும் இல்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழையை அவர் துபாயிலிருந்தே செய்தியில் பார்த்திருப்பார். ஷீட் எத்தனை, வகுப்பு எத்தனை நாள் நின்றது என்பதுதான் அவருக்குத் தெரியாதது.

போனில் பேசியபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்தி மாறும். கூரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இருப்பை 15,700 என்று காட்டி, "கூரைக்கு முதலில் உங்கள் பணத்திலிருந்து எடுத்த 7,700 ரூபாயைப் பொது நிதியிலிருந்து திரும்ப வைத்துவிட்டோம்" என்று எழுதுங்கள். உண்மையில் கேஷ் புக்கில் அந்தப் பதிவைப் போட்ட பிறகு எழுதுங்கள்.

மீதிப் பணத்தைப் பலர் மறைக்கப் பார்ப்பார்கள், செலவு செய்யத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவாரோ என்று. மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக எதையாவது வாங்கித் தீர்ப்பதும் நடக்கும். தேவையில்லை. பணம் எங்கே இருக்கிறது, எதற்காக, எந்த மாதத்துக்குள் என்ற மூன்றும் இருந்தால் மீதி ஒரு குறையே இல்லை. வருமானவரியிலும், பதிவு பெற்ற அறக்கட்டளை அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருந்தால் மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு ஒருவருடைய நன்கொடைக்கு மட்டும் இல்லை, மொத்த வருமானத்துக்கும் சேர்த்துப் பார்ப்பது. ஆடிட்டர் பார்த்துச் சொல்வார்.

அடுத்த வருடத்துக்கும் கொடுங்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள். இதில் என் கருத்து கொஞ்சம் கறார்தான், கேட்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூரைச் செலவையும் மீதியையும் விளக்கிய அதே காகிதத்தில் கை நீட்டினால், விளக்கமெல்லாம் அதற்காகத்தான் என்று தோன்றும்.

படம் வைக்கலாம். பழைய ஷீட்டும் புது ஷீட்டும் தெரிகிற மாதிரி கூரைப் படம் ஒன்று, ஊறிய கடலைப் பாத்திரம் ஒன்று போதும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி 'நன்றி' என்று அட்டை பிடிக்க வைக்காதீர்கள். அவருக்குப் போகிற படம் அவருடைய குடும்பக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து ஊர்க் குழுவுக்கு வரும், பையனின் பெற்றோர் அதைப் பார்ப்பார்கள். முகம் தெரிய வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நீங்கள் நடத்துவது வகுப்பு மட்டும் என்பதால் இது உங்கள் பொறுப்பு, உங்கள் நாகரிகம். குழந்தைகள் இல்லம் நடத்துபவர்களுக்கு இது சட்டமே: 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது.

கடைசியாக வரி விஷயம். இதைக் கடிதத்தில் கலக்காமல் தனியாக அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த ரசீது, கல்யாண வீட்டு மொய் நோட்டில் பெயர் ஏறியதைப் போல, பணம் வந்தது என்பதற்கு மட்டும் சாட்சி. நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி உங்களுக்கு இருந்தால், 2024-25-இல் வந்த நன்கொடைகளின் பட்டியலை 10பிடி படிவத்தில் 2025 மே 31-க்குள் வருமானவரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகுதான் அந்தச் சலுகையைக் கேட்க அவருக்குத் தேவையான 10பிஇ சான்றிதழை இறக்கி அவருக்கு அனுப்ப முடியும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அவருடைய பான் எண் உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், மே 30-ஆம் தேதி துபாய்க்கு போன் போட்டுக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும், அரிசி பருப்பாகக் கொடுத்ததற்கும் 80ஜி விலக்கு கிடையாது. கொடுத்தவர்களுக்கு அப்படி ஆசை காட்டி எழுதிவிட வேண்டாம்.

அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, துபாயிலிருந்து வந்தாலும் சரி. அவருடைய பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவராக இருந்தால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் அந்தப் பணத்தை நீங்கள் வாங்கியிருக்கவே கூடாது. அப்படி இருந்தால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் ஆடிட்டரிடம் போங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த 8,000 செலவான விவரத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பிவிடுங்கள். அதற்குத் தனிக் கடிதம் வேண்டாம்.